காலிக் கோப்பையும் கங்காருத் துள்ளலும்: பாவனை விளையாடும் குழந்தைக்குப் பிறர் மனம் தெரியுமா?

இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று தேநீர் விருந்து நடத்துகிறது. எதிரே சில பொம்மை விலங்குகள், இரண்டு விளையாட்டுக் கோப்பைகள், ஒரு காலிப் பாட்டில். பாட்டிலைச் சரித்து இரண்டு கோப்பைகளையும் 'நிரப்பு'கிறது. அப்போது அருகில் இருக்கும் பெரியவர் ஒரு கோப்பையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிவிட்டு, மறுபடியும் நிமிர்த்தி முன்பிருந்த இடத்திலேயே வைக்கிறார். பிறகு கேட்கிறார்: "எந்தக் கோப்பை காலி? எது நிறைய இருக்கிறது?"

கண்ணுக்குத் தெரிவது இரண்டு காலிக் கோப்பைகள்தான். ஒரு சொட்டு நீர்கூட இரண்டிலும் இருந்ததில்லை. ஆனால் குழந்தை தயங்காமல் கவிழ்த்த கோப்பையைக் காட்டி அதுதான் காலி என்கிறது. லண்டனில் உளவியலாளர் ஆலன் லெஸ்லி 1980களில் செய்த இந்தச் சிறு சோதனையில் இரண்டு வயதுக் குழந்தைகள் ஏறக்குறைய தடுமாறவே இல்லை.

இதே குழந்தையிடம் ஓராண்டு கழித்து இன்னொரு கேள்வியைக் கேட்டால் திடமாகத் தவறாகப் பதில் சொல்லும். இந்தக் கட்டுரை அந்த இரண்டு பதில்களுக்கும் இடையில் இருக்கும் இடைவெளியைப் பற்றியது. இல்லாத தேநீரை மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரிந்த குழந்தைக்கு, இன்னொருவர் மனத்தில் இருக்கும் தவறான எண்ணம் ஏன் பிடிபடுவதில்லை? பாவனை விளையாட்டு அந்தப் பிடிப்பைக் கொண்டுவருகிறதா, இல்லை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வளரும் இரு செடிகள் மட்டும்தானா?

சாலியின் கோலிக்குண்டு

அந்த இன்னொரு கேள்வியின் கதை 1983இல் தொடங்குகிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் ஹைன்ஸ் விம்மரும் யோசப் பெர்னரும் குழந்தைகளுக்கு மாக்ஸி என்ற பையனின் கதையைச் சொன்னார்கள். மாக்ஸி சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி சாக்லேட்டை எங்கே தேடுவான்?

1985இல் சைமன் பேரன்-கோஹென், லெஸ்லி, உட்டா ஃப்ரித் மூவரும் லண்டனில் இதை இன்னும் எளிமையாக்கினார்கள். சாலி, ஆன் என்று இரண்டு பொம்மைகள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டுப் போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டியில் ஒளித்துவிடுகிறாள். சாலி திரும்பி வருகிறாள். "சாலி தன் கோலிக்குண்டை எங்கே தேடுவாள்?"

இந்தக் கேள்வியோடு வேறு இரண்டு கேள்விகளும் கேட்கப்பட்டன: கோலிக்குண்டு உண்மையில் எங்கே இருக்கிறது, தொடக்கத்தில் எங்கே இருந்தது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் சோதனைக்கு மதிப்பில்லை. கதையையே மறந்துவிட்ட குழந்தைக்கும், கதை முழுவதும் நினைவிருந்தும் சாலியின் மனத்தைத் தவறவிடும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடு இவற்றால்தான் தெரியும். அந்த ஆய்வில் எல்லாக் குழந்தைகளும் இவ்விரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னார்கள். நம்பிக்கையைப் பற்றிய கேள்விக்கு, நான்கரை வயதை ஒட்டிய 27 இயல்பான குழந்தைகளில் 23 பேர் கூடையைக் காட்டினார்கள். டவுன் நோய்க்குறி உள்ள 14 பேரில் 12 பேர் காட்டினார்கள். ஆட்டிசம் உள்ள 20 பேரில் 4 பேர் மட்டுமே காட்டினார்கள்.

மூன்று வயதுக் குழந்தையைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது குத்துமதிப்பாகச் சொல்லித் தவறுவதில்லை. அப்படியென்றால் பாதிப் பேராவது தற்செயலாகக் கூடையைக் காட்டியிருப்பார்கள். பெரும்பாலோர் பெட்டியைத்தான் காட்டுகிறார்கள், கொஞ்சமும் சந்தேகமில்லாமல். தனக்குத் தெரிந்த உண்மை சாலிக்கும் தெரிந்திருக்கும் என்பதுபோல. 2001இல் ஹென்றி வெல்மனும் இரு சக ஆய்வாளர்களும் 178 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, குழந்தைகள் இக்கேள்வியில் பாதிக்குப் பாதி சரியாகச் சொல்லத் தொடங்கும் வயது ஏறக்குறைய 44 மாதங்கள் என்று தெரிந்தது. அதாவது மூன்றே முக்கால் வயதுக்குச் சற்று முன்பு. பிறருக்கும் எண்ணமும் விருப்பமும் நம்பிக்கையும் உண்டு, அவை நம்முடையவற்றிலிருந்து வேறுபடலாம் என்ற இந்த அறிவைத்தான் உளவியலார் 'மனக்கோட்பாடு' என்கிறார்கள்.

லெஸ்லி முன்வைத்த பாலம்

கோப்பைக்கும் கோலிக்குண்டுக்கும் நடுவே பாலம் கட்டியவர் லெஸ்லிதான். 1987இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது. அவர் எடுத்துக்காட்டு எளியது: அம்மா ஒரு வாழைப்பழத்தைக் காதில் வைத்து 'ஹலோ' என்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை இப்போதுதான் பொருள்களின் பெயரையும் பயனையும் கற்றுக்கொண்டிருக்கிறது. வாழைப்பழம் என்பது பேசும் கருவி என்று அது பதிவு செய்துகொண்டால் அதன் உலக அறிவே குழம்பிப்போகும். ஆனால் அப்படிக் குழம்புவதில்லை. குழந்தை சிரிக்கிறது, தானும் பேசுகிறது, பிறகு பழத்தைத் தின்கிறது.

அப்படியானால் 'இது தொலைபேசி' என்ற எண்ணத்தை, உண்மை உலகைப் பற்றிய எண்ணங்களோடு ஒட்டாமல் தனியே பிரித்து வைக்கும் ஓர் ஏற்பாடு குழந்தையின் மனத்தில் இருக்க வேண்டும் என்றார் லெஸ்லி. அந்தத் தனி எண்ணத்தை அம்மாவோடும் இணைக்க வேண்டும்: 'அம்மா இந்தப் பழத்தைத் தொலைபேசி என்று பாவிக்கிறாள்.' 'சாலி கோலிக்குண்டு கூடையில் இருக்கிறது என்று நம்புகிறாள்' என்ற வாக்கியத்தின் அமைப்பும் இதுவேதான். பாவிக்கிறாள் என்ற இடத்தில் நம்புகிறாள் என்று மாறுகிறது, அவ்வளவுதான். ஆகவே பாவனையே மனக்கோட்பாட்டின் முதல் முளை என்றார் அவர். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் தாமாகப் பாவனை விளையாட்டில் இறங்குவது அரிது என்ற செய்தியிலிருந்துதான் சாலி-ஆன் சோதனைக்கான யோசனையே வந்தது.

எனக்கு இந்தக் கட்டுரையின் மேல் பெரிய மதிப்பு உண்டு. குழந்தை விளையாட்டை வெறும் பொழுதுபோக்காகப் பார்க்காமல் அதன் உள் இலக்கணத்தைத் தேடிய கட்டுரை அது. ஆனால் அதில் ஒரு கண்ணி பலவீனமானது. வாழைப்பழத்தில் பேசும் அம்மாவோடு சேர்ந்து விளையாட, அம்மாவின் மனத்தில் ஓர் எண்ணம் இருப்பதைக் குழந்தை அறிந்திருக்க வேண்டுமா? அம்மா பழத்தைத் தொலைபேசிபோலப் பயன்படுத்துகிறாள் என்று செயலை மட்டும் பிடித்துக்கொண்டாலே போதாதா? சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் எல்லோருக்கும் அது ஏன் விழாமல் நிற்கிறது என்று சொல்லத் தெரிவதில்லை.

கங்காருவை அறியாத மோ

இந்தக் கண்ணியைச் சோதித்தவர் அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்ட். 1993இல் வெளியான அவர் ஆய்வின் நாயகன் மோ என்ற குட்டிப் பூத பொம்மை. குழந்தையிடம் அவனை இப்படி அறிமுகப்படுத்துவார்கள்: மோ தொலைவில் உள்ள பூதங்களின் நாட்டிலிருந்து வந்தவன். அங்கே கங்காருக்கள் கிடையாது. மோ கங்காருவைப் பார்த்ததே இல்லை, அதைப் பற்றிக் கேள்விப்பட்டதும் இல்லை. ஆனால் இப்போது அவன் துள்ளித் துள்ளிக் குதிக்கிறான், கங்காரு குதிப்பதுபோலவே. மோவுக்குக் கங்காரு என்றால் என்னவென்று தெரியுமா? தெரியாது என்று குழந்தை சரியாகச் சொல்கிறது. அப்படியானால் மோ கங்காருவாகப் பாவனை செய்கிறானா?

பெரியவர் யாரும் இல்லை என்றே சொல்வோம். தெரியாத ஒன்றாக ஒருவர் எப்படிப் பாவிக்க முடியும்? ஆனால் நான்கு வயதுக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆம் என்றார்கள். சாலியின் கேள்வியைத் தாண்டிவிட்ட குழந்தைகள்கூட மோவிடம் சறுக்கினார்கள். பாவனை முந்தி வருகிறது, தவறான நம்பிக்கை பிந்தி வருகிறது என்று லெஸ்லி போட்ட வரிசை இங்கே தலைகீழாகிவிடுகிறது. நாள் முழுவதும் பாவனை விளையாடும் நான்கு வயதுக் குழந்தைக்கு, பாவனையை ஓட்டுவது மனம் என்பது தெரியவில்லை. அதற்குப் பாவனை என்பது ஒரு செயல். கங்காருபோலக் குதித்தால் கங்காருவாக விளையாடுவதாகத்தான் பொருள்.

இந்த ஆய்வை எதிர்த்தவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. மோவின் கதை சிக்கலானது. கண் முன்னால் துள்ளல் நடக்கிறது, அறியாமையோ சொல்லால் மட்டும் தரப்படுகிறது. காண்பது கேட்பதை விழுங்கிவிடலாம். 1998இல் இராபர்ட் ஜோசப் வேறு வழியில் கேட்டார்: ஒருவர் சளிப்பிடித்துத் தும்முகிறார், இன்னொருவர் பொய்யாகத் தும்முகிறார். வேண்டுமென்றே செய்பவர் யார் என்பதை நான்கு வயதுக் குழந்தைகள் பெரிதும் சரியாகவே பிரித்துச் சொன்னார்கள். ஆக, பாவனைக்குப் பின்னால் ஒரு முனைப்பு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிகிறது. அந்த முனைப்புக்கு ஓர் அறிவு அடிப்படையாக இருக்க வேண்டும் என்பது இன்னும் சில ஆண்டுகள் பிந்தித்தான் தெளிவாகிறது.

இல்லாத பாலைப் பற்றிய தவறான எண்ணம்

இந்த ஆய்வுகளின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கோப்பையையும் கோலிக்குண்டையும் ஒரே சோதனைக்குள் கொண்டுவந்தவர்கள் ஆன் ஹிக்லிங், வெல்மன், காட்ஃப்ரைட் மூவரும். ஆண்டு 1997.

குழந்தையும் ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து, ஒரு காலிக் கோப்பையில் பால் நிறைந்திருப்பதாகப் பாவிக்கிறார்கள். ஆய்வாளர் வெளியே போகிறார். அவர் இல்லாதபோது குழந்தை அந்தப் பாவனைப் பாலைக் கொட்டிவிடுகிறது. இப்போது கேள்வி: வெளியே போனவர் கோப்பையில் என்ன இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்?

இது அப்படியே சாலியின் கதைதான். ஒருவர் போகிறார், அவர் அறியாமல் நிலைமை மாறுகிறது, அவர் பழையதையே எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒரே வேறுபாடு, இங்கே மாறிய பொருளும் உண்மையில் இல்லை. சாலியிடம் தோற்கும் வயதில் உள்ள மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் இதற்குச் சரியாகப் பதில் சொன்னார்கள்: அவர் பால் இருப்பதாகத்தான் நினைக்கிறார்.

ஏன் இங்கே மட்டும் முடிகிறது? கோலிக்குண்டு பெட்டிக்குள் உண்மையாகவே கிடக்கிறது. குழந்தையின் கண்ணும் அறிவும் அங்கேயே இழுக்கின்றன. சாலியின் மனத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த இழுப்பை அடக்கிக்கொண்டு கூடையைக் காட்ட வேண்டும். நாவின் நுனிக்கு வந்த விடையை விழுங்கும் இந்தத் திறன் மூன்று வயதில் மிகக் குறைவு. அது வளர்ந்த குழந்தைகளே சாலியின் கேள்வியிலும் நன்றாகச் செய்கிறார்கள் என்பதைத் தனி ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பாவனைப் பாலிலோ இழுப்பதற்கு உண்மைப் பொருள் எதுவும் இல்லை. கொட்டுவதற்கு முன்பும் கோப்பை காலி, பின்பும் காலி. இரண்டு எண்ணங்கள் மட்டும் எதிரெதிரே நிற்கின்றன: என்னுடையது, அவருடையது.

மோவையும் இந்தப் பாலையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் படம் கொஞ்சம் தெளிவாகிறது. பாவனை என்பது மனத்தின் வேலை என்று குழந்தைக்குத் தெரியாது. ஆனால் உண்மையின் பிடி தளர்ந்த அந்த வெளியில், யாருக்கு எது தெரியும், யார் எதைப் பார்க்கவில்லை என்று கணக்கு வைத்துக்கொள்ள அதற்கு முடிகிறது. கருத்து இன்னும் வரவில்லை, கணக்கு நடந்துகொண்டிருக்கிறது.

'நீதான் அம்மா, நான் டாக்டர்'

அந்தக் கணக்கு நாள்தோறும் நடக்கும் இடம் கூட்டு விளையாட்டு. இரண்டு குழந்தைகள் கடை விளையாடுவதைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், விளையாட்டில் பாதி நேரம் பேச்சுவார்த்தையிலேயே போய்விடும். "இது உருளைக்கிழங்கு." "இல்லை, மாம்பழம்." "சரி, மாம்பழம், ஆனால் நான்தான் கடைக்காரர்." கூழாங்கல் கூழாங்கல்லாகவே இருக்கிறது. அது என்ன என்பதை முடிவு செய்வது இருவர் எண்ணமும் பொருந்துவதுதான். தன் மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அது எதிராளிக்குத் தெரியாது என்பதைக் குழந்தை இங்கே தடுக்கி விழுந்துதான் அறிகிறது.

இரண்டாவது குழந்தைகள் ஐம்பது பேரை அவர்கள் வீட்டிலேயே கவனித்த லிஸ் யங்பிளேடும் ஜூடி டன்னும் 1995இல் எழுதினார்கள்: 33 மாத வயதில் அண்ணன் அக்காவோடு வேடம் ஏற்று அதிகம் விளையாடியவர்கள், 40 மாத வயதில் பிறர் நம்பிக்கை பற்றிய கேள்விகளிலும் நன்றாகச் செய்தார்கள். அதே ஆண்டில் டொராண்டோவில் ஜேனட் ஆஸ்டிங்டனும் ஜெனிஃபர் ஜென்கின்ஸும் கண்டது இன்னும் நுணுக்கமானது. பாவனை விளையாட்டின் மொத்த அளவுக்கும் மனக்கோட்பாட்டுக்கும் தொடர்பில்லை. 'வா, நாம் சமைக்கலாம்' என்று சேர்ந்து திட்டமிடுவதற்கும், 'நீ அம்மா' என்று பாத்திரம் பிரித்துக் கொடுப்பதற்கும்தான் தொடர்பு இருந்தது.

இங்கேயே நின்றிருந்தால் விளையாட்டுதான் காரணம் என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் அவ்விருவரும் நிற்கவில்லை. 20 குழந்தைகளை ஏழு மாதங்களில் மூன்று முறை சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். முந்தைய மனக்கோட்பாட்டு மதிப்பெண், பிந்தைய கூட்டுத் திட்டமிடலையும் பாத்திரப் பகிர்வையும் முன்னறிவித்தது. முந்தைய விளையாட்டு, பிந்தைய மதிப்பெண்ணை முன்னறிவிக்கவில்லை. பிறர் மனம் புரியத் தொடங்கியதால்தான் விளையாட்டு சிறந்தது என்று அம்பு திரும்பிவிட்டது. 20 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் தொடர்பைக் கண்டவுடன் காரணம் என்று சொல்லிவிடும் அவசரத்துக்கு அது நல்ல கடிவாளம். 2013இல் லில்லார்டும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசியபோதும், பாவனைதான் மனக்கோட்பாட்டைத் தருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே முடித்தார்கள். விளையாட்டைக் கற்பிக்கும் பெரியவர் கூடவே பேசவும் செய்கிறார். பலன் விளையாட்டால் வந்ததா பேச்சால் வந்ததா என்று பல ஆய்வுகளில் பிரிக்கவே முடியவில்லை.

என் கணிப்பு பேச்சின் பக்கம்தான் சாய்கிறது. உடன்பிறந்தவர்களோடு வளரும் பிள்ளைகள் சாலியின் கேள்வியைச் சற்று முன்னதாகத் தாண்டுகிறார்கள் என்று பெர்னர் குழுவினர் 1994இல் கண்டதும், காது கேளாத குழந்தைகளில் சைகை மொழி அறியாத பெற்றோரிடம் வளர்பவர்கள் இதில் வெகுவாகப் பின்தங்குகிறார்கள் என்பதும் அந்தப் பக்கமே காட்டுகின்றன. 'நினைத்தான்', 'தெரியாது', 'மறந்துவிட்டாள்' போன்ற சொற்கள் காதில் விழுவதற்கும் வாயில் வருவதற்கும் பாவனை விளையாட்டைப்போல் அடிக்கடி வாய்க்கும் வேறு சந்தர்ப்பம் குழந்தைக்கு இல்லை.

தமிழில் கேட்கும்போது

வீட்டிலோ மழலையர் வகுப்பிலோ இதைச் செய்து பார்க்க விரும்புவோர் தமிழின் சில வளைவுகளைக் கவனிக்க வேண்டும். மைக்கேல் சீகலும் கேரன் பீட்டியும் 1991இல் ஒன்றைக் காட்டினார்கள்: கேள்வியில் 'முதலில்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, 'முதலில் எங்கே தேடுவாள்?' என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தைகள் பலர் சரியாகச் சொல்கிறார்கள். எங்கே தேடினால் கிடைக்கும் என்று கேட்கிறார்கள் போலும் என்ற மயக்கம் அதனால் நீங்குகிறது. தமிழில் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் வேறொரு சிக்கல் வருகிறது. 'முதலில் எங்கே இருந்தது?' என்ற நினைவுக் கேள்வியிலும் அதே சொல்தான் வரும். சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் 'கூடை' என்று சொல்லும் குழந்தை சாலியின் மனத்தை நினைத்தே பார்த்திருக்காது, ஆனால் தேறிவிடும். நினைவுக் கேள்வியை 'சாலி எதில் வைத்துவிட்டுப் போனாள்?' என்று மாற்றிவிட்டால் இந்த ஒட்டல் அறுந்துவிடும்.

எழுவாயை விட்டுவிடுவதும் தமிழில் நம் வழக்கம். 'எங்கே தேடுவாள்?' என்றால் யார் தேடுவது, சாலியா ஆனா என்று குழந்தைக்குத் தெளிவாகாது. பெயரை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். 'என்று நினைத்தாள்' என்பதற்கும் 'என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்' என்பதற்கும் உள்ள வேறுபாடும் சிறியதல்ல. பின்னதில், எண்ணம் தவறு என்ற குறிப்பு பல நேரங்களில் சொல்லாமலே ஒட்டிக்கொள்கிறது. அந்த வடிவத்தில் கேட்டால் விடையில் பாதியை நாமே கொடுத்தவர்களாகிறோம்.

எந்தக் கேள்விக்கும் பிறகு 'ஏன்?' என்று கேட்பதைத் தவறவிடக் கூடாது. 'கூடையில் தேடுவாள், ஏனென்றால் அவள் பார்க்கவில்லை' என்ற பதிலும், 'கூடையில், ஏனென்றால் அது அவள் கூடை' என்ற பதிலும் மதிப்பெண் தாளில் ஒன்றாகவே விழும். முன்னதில் சாலியின் மனம் இருக்கிறது. பின்னதில் பொருளும் உடைமையும் மட்டுமே இருக்கின்றன.

மோவின் கேள்வியைத் தமிழாக்குவது எல்லாவற்றிலும் கடினம். நம் குழந்தைகள் பாவனையை 'மாதிரி' என்ற சொல்லால்தான் குறிக்கிறார்கள்: நான் டாக்டர் மாதிரி, நீ நோயாளி மாதிரி. ஒப்புமையைச் சொல்லவும் அதே சொல்தான். மோ கங்காரு மாதிரி குதிக்கிறானா என்று கேட்டால் ஆம் என்பதே சரியான விடை, அறியாமல் குதித்தாலும் அவன் அப்படித்தான் குதிக்கிறான். 'கங்காருவாக நடிக்கிறானா?' என்றால் அந்தச் சொல் எல்லா நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் பழக்கமாகியிருக்காது. ஆகவே முதல் நாள் சளித் தும்மலையும் பொய்த் தும்மலையும் செய்து காட்டி, இரண்டாவதுதான் நடிப்பு என்று குழந்தையே தன் வாயால் சொன்ன பிறகு, மறுநாள் மோவை வெளியே எடுப்பது நல்லது.